ஒப்பீட்டுப் பகுதியை எழுதிப் பார்த்தேன்: பேஸ்லைன், எஃப்1, அப்லேஷன்

ஓய்வு நேரத்தில் செய்துவரும் சென்டிமென்ட் மாடல் பற்றிய கட்டுரையில் சோதனைப் பகுதி ஒருவழியாக உருப்பட்டிருக்கிறது. டேட்டா, 2020 ஃபயர் போட்டிக்கு வந்த, தமிழும் ஆங்கிலமும் கலந்த யூடியூப் கமெண்ட்டுகள். மொத்தம் ஐந்து வகை. அதில் பாசிட்டிவ் மட்டுமே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

எந்த அளவுகோல் என்பதை முதலில் முடிவுசெய்தேன். நூற்றுக்கு 67 கமெண்ட் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'பாசிட்டிவ்' என்று சொல்லும் மாடலுக்கே, பெரிய வகைக்கு அதிக எடை தரும் வெயிட்டட் எஃப்1 மதிப்பெண் 0.54 வந்துவிடும். ஐந்து வகைக்கும் சம எடை தரும் மேக்ரோ எஃப்1 போட்டால் 0.16தான். போட்டியில் தரவரிசை வெயிட்டட் எஃப்1 வைத்துத்தான் என்பதால் அதையும் அட்டவணையில் வைத்திருக்கிறேன். ஆனால் என் முடிவுகள் மேக்ரோவை நம்பியே நிற்கின்றன.

```
f1_score(y_true, y_pred, average="macro")
```

அப்புறம், என் மாடலை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பேஸ்லைன். என் மாடல் என்பது `xlm-roberta-base` என்ற பன்மொழி மாடலுடன் எழுத்து அளவில் ஓடும் ஒரு சின்ன சிஎன்என். `semma`, `sema`, `semmaa` என்று ஆளுக்கொரு விதமாக டைப் செய்வதை அது பிடிக்க வேண்டும். சிஎன்என் இல்லாத வெறும் `xlm-roberta-base`-தான் முக்கிய பேஸ்லைன். நம் மாடலுக்கு நாலு லேர்னிங் ரேட் தேடிப் பார்த்துவிட்டு, பேஸ்லைனை டீஃபால்ட்டில் ஓட்டுவதுதான் வழக்கமான தில்லுமுல்லு. 2017இல் மெலிஸ், டயர், ப்ளன்சம் மூவரும் பழைய எல்எஸ்டிஎம்மை ஒழுங்காக டியூன் செய்தபோது, அதை மிஞ்சியதாகச் சொல்லப்பட்ட புது மாடல்களையே அது முந்தியது. அதனால் கட்டுரையில் இப்படி எழுதினேன்: "இரண்டுக்கும் 1e-5 முதல் 5e-5 வரை அதே நாலு லேர்னிங் ரேட், அதே ஐந்து ரேண்டம் சீட்; தேர்வு வேலிடேஷன் மேக்ரோ எஃப்1 வைத்து; டெஸ்ட் கடைசியில் ஒரே முறை." பிறர் கட்டுரையிலிருந்து எடுத்த எண்கள் அட்டவணையில் கோட்டுக்குக் கீழே தனியாக நிற்கின்றன, நான் ஓட்டியவை அல்ல என்ற குறிப்போடு.

அதிக நேரம் பிடித்தது, ஒரு பாகத்தை எடுத்துவிட்டு விளைவைப் பார்க்கும் அப்லேஷன்தான். சிஎன்என்னை வெட்டினால் மதிப்பெண் இறங்குகிறது, சரி. ஆனால் பாராமீட்டர்களும் சேர்ந்தே போய்விடுகின்றனவே? இறக்கம் எதனால் என்று எப்படிச் சொல்வது? அதனால் அட்டவணையில் இன்னொரு சோதனை சேர்த்தேன்: சிஎன்என் அப்படியே இருக்கும், ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் கலைத்துக் கொடுத்துப் பயிற்சி. அளவு மாறவில்லை, எழுத்து வரிசை மட்டும் போய்விட்டது. மதிப்பெண் முழு மாடலுக்கும் வெட்டிய மாடலுக்கும் நடுவில் வந்து நின்றது. ஆக, முன்னேற்றத்தில் ஒரு பங்குக்கு எழுத்து வரிசை காரணமே இல்லை. 'எழுத்துக்கூட்டலைப் புரிந்துகொள்கிறது' என்ற வரியை 'எழுத்து வரிசை ஓரளவு உதவுகிறது' என்று இறக்கிவிட்டேன்.

வகைவாரியாகப் பார்த்தால் 'கலவையான உணர்வு' வகையில் முழு மாடலுக்கும் பேஸ்லைனுக்கும் உள்ள வித்தியாசம், சீட் மாறும்போது வரும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அட்டவணையின் அந்த வரிசையில் எதையும் தடித்த எழுத்தில் போடவில்லை.