4.3ஆம் வரிக்கு எழுதிய பதில்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள எங்கள் சிறிய அலுவலகத்துக்கு அந்த டெண்டர் ஆவணம் வந்தது ஒரு மாரிக்கால வெள்ளிக்கிழமை. மாவட்டத்திலுள்ள எட்டுக் குளங்களில் நீர்மட்டத்தைத் தானாக அளந்து அனுப்பும் கருவிகளைப் பொருத்தி, மூன்று வருடம் பராமரிக்க வேண்டும். கருவியைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பனி எங்களுக்கு முன்பே அனுப்பியிருந்த ஸ்லைட் தொகுப்பு 46 பக்கம். அதை வைத்துத் தொழில்நுட்பப் பகுதியை எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது.

விற்பனைக்குச் செய்த ஸ்லைடில் முதலில் கம்பனியின் வரலாறு வரும், பிறகு உலக வரைபடம், பிறகு கருவியின் அழகான படம், அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கு எண்கள். டெண்டரை மதிப்பிடும் குழுவுக்கு அந்த ஒழுங்கால் எந்தப் பயனும் இல்லை. அவர்கள் கையில் இருப்பது தங்களுடைய விவரக்குறிப்பு. 4.1 என்று ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள், அதற்குப் பதில் எங்கே என்று தேடுவார்கள். கிடைத்தால் அடுத்தது 4.2. இந்த வேலை எனக்குப் புதிதாயிருந்த காலத்தில், வேறோர் இடத்துக்குப் போன விலைமனுவில் எல்லா வரிக்கும் நேரே ‘இணங்குகிறோம்’ என்று எழுதி, ஸ்லைடுகளை அப்படியே பின்னிணைப்பாக வைத்து அனுப்பினேன். ஒரு வரியில் நான் இணங்குகிறோம் என்று சொன்னதைப் பின்னிணைப்பின் பதினோராம் பக்கமே மறுத்தது. அந்த விலைமனு தொழில்நுட்பக் கட்டத்தைத் தாண்டவில்லை.

அதனால் இந்த முறை ஸ்லைடைத் திறக்காமலே தொடங்கினேன். டெண்டரின் 4ஆம் பகுதியில் இருந்த 19 விதிகளையும் சொல் மாற்றாமல் ஓர் அட்டவணையின் முதல் நிரலில் எழுதினேன். மாற்றி எழுதினால் நமக்குத் தெரியாமலே கேள்வியை நமக்கு வசதியாக வளைத்துவிடுவோம். எழுதிக்கொண்டு போகும்போதுதான் ஒரு விதிக்குள் இரண்டு மூன்று கேள்விகள் ஒளிந்திருப்பது தெரியும். ‘தரவுப் பதிவுக்கருவி 15 நிமிடத்துக்கு ஒரு அளவீடு என 12 மாதத் தரவைச் சேமிக்க வேண்டும், மின்சாரம் நின்றாலும் அது அழியக் கூடாது, பெட்டி ஐபி66 தரத்தில் இருக்க வேண்டும்’ என்பது ஒரே விதிதான். ஆனால் அங்கே மூன்று பதில்கள் தேவை: சேமிப்பு, தரவு அழியாமை, தூசும் தண்ணீரும் புகாத பெட்டி. விதி எண்ணை அப்படியே வைத்து, அ, ஆ, இ என்று பிரித்தேன். 19 விதிகள் 31 வரிகளாயின. பக்கத்தில் மூன்று நிரல்கள்: நாம் தருவது என்ன, எந்த மாதிரி எண், ஆதாரம் எந்த ஆவணத்தில் எந்தப் பக்கம்.

சேமிப்பு வரி சுலபமாக முடிந்தது. ஒரு நாளைக்கு 96 அளவீடு, வருடத்துக்கு 35,040. ஸ்லைடில் ‘பெரிய நினைவகம்’ என்று மட்டும் இருந்தது. தரவுத்தாளில் இரண்டு இலட்சம் பதிவுகள் என்று எண் இருந்தது. எண்ணையும் பக்கத்தையும் எழுதிவிட்டு நகர்ந்தேன்.

என்னை நிறுத்தியது 4.3. நீர்மட்டத்தின் 0 முதல் 15 மீற்றர் வரையான முழு எல்லையிலும் பிழை ±5 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஸ்லைட் 14இல் தண்ணீருக்குள் இறக்கும் அழுத்த உணரி. அதன் பக்கத்தில் ‘±0.05% வரை துல்லியம்’. பார்த்ததும் நல்ல எண்ணாகத்தான் தெரிந்தது. எங்கள் பொறியியலாளர் தம்பியைக் கூப்பிட்டேன்.

“எதன்ர 0.05 வீதம் அக்கா? அதைப் பாருங்கோ” என்றான்.

தரவுத்தாளில் சிறிய எழுத்தில் இருந்தது: முழு அளவெல்லையின் வீதம். அதாவது தண்ணீர் இரண்டு மீற்றர் நின்றாலும் ஒன்பது மீற்றர் நின்றாலும் பிழை அந்த உணரியின் உச்ச எல்லையைக் கொண்டே கணக்காகும். உணரி வருவது 5, 10, 20 மீற்றர் என்ற மூன்று எல்லைகளில். 10 மீற்றர் உணரியில் பிழை 5 மில்லிமீற்றர். துல்லியம் சரி, ஆனால் 15 மீற்றரை அது அளக்காது. 20 மீற்றர் உணரி 15ஐ அளக்கும், ஆனால் பிழை 10 மில்லிமீற்றர். எல்லைக்கு ஒரு மாதிரி, துல்லியத்துக்கு வேறொரு மாதிரி. இரண்டும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஒரே கருவி இரண்டையும் தருவது போலத் தோன்றியது. ஸ்லைடில் ‘வரை’ என்ற சொல்லைக் கண்டால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, அந்த எண்ணும் பக்கத்து எண்ணும் ஒரே மாதிரி எண்ணுக்கு உரியவையா என்பதுதான்.

விளக்கம் கேட்பதற்கான கடைசித் திகதி இன்னும் போகவில்லை. அதனால் ±10 மில்லிமீற்றரை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்கலாம் என்பது ஒரு யோசனை. ஆனால் அந்தக் கேள்வியும் பதிலும் கேட்டவரின் பெயரில்லாமல் ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் போகும். தளர்த்தினால் எல்லோருக்கும் தளரும், மறுத்தால் நாங்கள் இருந்த இடத்திலேயே நிற்போம். அதைவிட ஸ்லைடை இன்னொரு தரம் பார்ப்பது நல்லது என்று நினைத்தேன். ஸ்லைட் 22இல் ரேடார் உணரி இருந்தது. தண்ணீரைத் தொடாமல் மேலே இருந்து அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பது. எல்லை 15 மீற்றர், பிழை ±2 மில்லிமீற்றர். கேட்டதும் 15, இருப்பதும் 15. நான் அட்டவணையில் எழுதியே விட்டேன்.

தம்பி ஒரு தாளில் குளத்தின் கட்டையும் மதகுக் கோபுரத்தையும் கோடாகக் கீறிக் காட்டினான். அழுத்த உணரி அடியில் இருந்து மேலே அளக்கிறது. ரேடார் மேலே இருந்து கீழே. குளம் நிரம்பும்போது தண்ணீர் ரேடாரைத் தொட்டுவிடக் கூடாது; அதன் முகத்துக்கு மிக அருகில் வரும் தண்ணீரை அது சரியாகவும் அளக்காது. அதனால் உச்ச மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றராவது விட்டுத்தான் பொருத்த வேண்டும். அப்படியென்றால் தண்ணீர் 0இல் நிற்கும்போது ரேடாரிலிருந்து தூரம் 16 மீற்றர். 15 மீற்றர் ரேடாருக்கு அடி மட்டம் தெரியாது. எண்கள் பொருந்திய இடத்தில் கருவி பொருந்தவில்லை.

கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதினோம். ஸ்லைடில் இல்லாத, அதே வகையில் 30 மீற்றர் எல்லையுள்ள மாதிரி ஒன்றின் தரவுத்தாள் வந்தது. ரேடாரின் பிழை எல்லையின் வீதமாக இல்லாமல் மில்லிமீற்றரிலேயே சொல்லப்பட்டிருந்தது, அதுவும் ±2தான். கடைசியில் 4.3க்கு எழுதியது இவ்வளவுதான்: ‘தரப்படுவது ரேடார் உணரி. அளவெல்லை 30 மீற்றர். உச்ச நீர்மட்டத்துக்கு 1 மீற்றர் மேலே பொருத்தப்படும். 0 முதல் 15 மீற்றர் வரையான நீர்மட்டம் முழுவதும் அளவெல்லைக்குள் அடங்கும். பிழை ±2 மி.மீ. பின்னிணைப்பு 2, பக்கம் 3. பொருத்தும் வரைபடம், பின்னிணைப்பு 5.’ ‘இணங்குகிறோம்’ என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த மாற்றத்தோடு கோபுரத்திலிருந்து தண்ணீர்ப் பக்கம் நீளும் இரும்புக் கை ஒன்றும் தேவைப்பட்டது. அதை விலைப்பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்தால் தொழில்நுட்பப் பகுதி ஒன்றைச் சொல்லும், விலை வேறொன்றைச் சொல்லும். அன்றே இரண்டிலும் மாதிரி எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தோம்.

மற்ற வரிகளில் என்னை அதிகம் இருத்தியது எச்சரிக்கைக் குறுஞ்செய்தி. மூன்று மொழியிலும், ஒவ்வொன்றும் ஒரே குறுஞ்செய்தியாக வர வேண்டும் என்பது விதி. ஸ்லைட் ‘பன்மொழி ஆதரவு’ என்றது. கேட்டுப் பார்த்தால் அது திரையிலுள்ள ஐந்து ஐரோப்பிய மொழிகள். ஆனால் செய்தி வாசகத்தை நாங்களே யூனிகோடில் எழுதலாம் என்றார்கள். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70தான். அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்தல்ல. ‘நீர்மட்டம்’ என்பது நமக்கு ஆறு எழுத்து, கைபேசிக்குப் பத்து: விசிறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். நான் முதலில் எழுதிய வாசகம் 70ஐத் தாண்டி இரண்டு செய்தியாக உடைந்தது. மாரி இரவில் குளக்கட்டில் நிற்கிற ஒருவருக்கு அந்த இரண்டாவது பாதி பிந்தி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து, திரும்பத் திரும்பக் குறைத்தேன். ‘4ஆம் குளம்: நீர்மட்டம் 6.20 மீ. எச்சரிக்கை நிலை.’ இடைவெளிகளோடு 48. சிங்கள வாசகத்தை அந்த மொழி பேசும் கணக்காளர் எழுதித் தந்தார். மூன்று வாசகங்களையும் அவற்றின் எண்ணிக்கையோடு பதிலிலேயே சேர்த்தோம்.

பழுது சொன்னால் 24 மணித்தியாலத்துக்குள் ஆள் வர வேண்டும் என்ற வரிக்கு ஸ்லைடில் இருந்தது ‘உலகளாவிய ஆதரவு’. அதை எடுக்கவே இல்லை. எங்கள் அலுவலக முகவரி, இரண்டு தொழில்நுட்பவியலாளர்களின் தகைமை, வாகனத்தின் விபரம், கையிருப்பில் வைக்கும் உதிரிப் பாகங்களின் பட்டியல் என்று எழுதினேன். மூதூர்ப் பக்கத்துக்குக் கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் போய்ப் பாலம் வந்துவிட்டது. எந்தக் குளத்துக்கும் காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போகலாம் என்பதை ஒவ்வொரு குளத்துக்கும் தூரத்தோடு காட்டினோம்.

ஒரு வரிக்கு ‘இல்லை’ என்றே எழுதினேன். பெட்டி துருப்பிடிக்காத உருக்கில் இருப்பது ‘விரும்பத்தக்கது’ என்று இருந்தது. எங்களிடம் இருந்தது நாரிழைப் பெட்டி. கட்டாய விதியாக இருந்தால் பெட்டியையே மாற்றியிருப்போம். விரும்பத்தக்கது என்ற இடத்தில், தருவது என்ன என்பதையும் அதன் ஐபி தரத்தையும் நேராகச் சொன்னோம். முதலாளி சேர் அந்த வரியில் பேனையை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்று கையெழுத்து வைத்தார்.

மூடும் நேரம் பிற்பகல் 2 மணி. பத்தரைக்கே டெண்டர் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். சில வாரம் கழித்து மதிப்பீட்டுக் குழுவிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. கையெல்லாம் குளிர்ந்துபோய்த்தான் பிரித்தேன். 4.3ஐப் பற்றி எதுவும் இல்லை. 4.11(ஆ)இல் மின்கலத்தின் கொள்ளளவுக்கு ஆதாரப் பக்கம் குறிப்பிடப்படவில்லை என்று இருந்தது. 31 வரிகளில் நான் நிரப்ப மறந்த ஒரே கட்டம். விளக்கத்தில் விலையையோ தருகிற பொருளையோ மாற்ற முடியாது. ஆனால் பக்கம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. ‘பின்னிணைப்பு 3, பக்கம் 2’ என்று எழுதி அன்று மாலையே அனுப்பினோம்.