ஒரு புகைப்படத்தை வைத்து எடுத்த பட்டுப்பாவாடை

புனேயில் வளரும் என் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. தீபாவளிக்குக் கும்பகோணத்திலிருந்து பட்டுப்பாவாடை எடுத்து, இங்கேயே தைத்து அனுப்புவதென்று முடிவு செய்தபோது, அளவுக்கு என்னிடம் இருந்தது அண்ணி அனுப்பிய ஒரு புகைப்படம் மட்டுமே. குழந்தையின் உயரம் 46 அங்குலம் என்பதைச் சுவரில் பென்சிலால் குறித்து அளந்து சொல்லியிருந்தார்.

படத்தில் உச்சி முதல் பாதம் வரை 11.5 சென்டிமீட்டர் இருந்ததால், ஒரு சென்டிமீட்டருக்கு நான்கு அங்குலம் என்று கணக்காயிற்று. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 5.5 சென்டிமீட்டர், அப்படியானால் நீளம் 22 அங்குலம். ஒல்லியாக வளர்ந்த பிள்ளைக்கு இது குறைவாயிற்றே என்று உறுத்தியது. படத்தை மீண்டும் பார்த்தபோது தலை பெரிதாகவும் கால்கள் சிறுத்தும் தெரிந்தன. அண்ணி நின்றபடி, மிக அருகிலிருந்து, மேலிருந்து கீழாக எடுத்திருந்தார்.

"அண்ணி, பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, கைப்பேசியைக் குழந்தையின் வயிற்று உயரத்தில் நேராகப் பிடித்து எடுங்கள், அவள் சுவரோடு ஒட்டி நிற்கட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் படத்தையும் அதே 11.5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கி அளந்தேன். இடுப்பு முதல் கணுக்கால் வரை இப்போது 6.5 சென்டிமீட்டர், அதாவது 26 அங்குலம். முதல் கணக்கை நம்பித் தைத்திருந்தால் நான்கு அங்குலம் குறைந்து, பாவாடை கணுக்காலுக்கு மேலேயே நின்றிருக்கும்.

தையல்காரர் 30 அங்குலம் வருமாறு தைத்து, கரைக்கு மேலே உட்புறமாக இரண்டு மடிப்புகள் பிடித்தார். ஓரங்குல ஆழமுள்ள மடிப்பு இரண்டங்குலத் துணியை எடுத்துக்கொள்ளும் என்பதால், முடிவில் 26 அங்குலம் நின்றது. வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். சுற்றளவை மட்டும் படத்திலிருந்து ஊகிக்க நான் துணியவில்லை. அவளுக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டையைத் தரையில் விரித்து, அளவு நாடாவை மேலே வைத்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்கினேன். ஒல்லியான இடுப்பில் பட்டு வழுகும் என்பதால், பாவாடையோடு பருத்தித் துணியில் பாடி சேர்த்துத் தைக்கச் சொன்னேன்.

நிறத்தில்தான் அதிக நேரம் சென்றது. மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமும் ஆகையால், கடையிலிருந்து நான் அனுப்பிய படத்தில் வெறும் நீலம்தான் தெரிந்தது. குழந்தையோ பச்சை வேண்டுமென்றாள். துணியைக் கையில் மடித்து அசைத்துக் காணொளியாக அனுப்பிய பிறகே, மடிப்பின் மேட்டில் பச்சை ஓடுவதைக் கண்டு, "அத்தை, அதேதான்!" என்றாள். எட்டங்குலக் கரை 26 அங்குலப் பாவாடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறைத்துவிடும் என்பதால், நான்கங்குல அரக்குக் கரையைத் தேர்ந்தெடுத்தேன். உயரமான ஒல்லிப் பிள்ளை என்பதால் சட்டைக்கும் துணிந்து அரக்கு வைத்தேன். குள்ளமாகவும் பூசினாற்போலவும் இருக்கும் குழந்தையாக இருந்தால் இடுப்பில் நிறம் வெட்டாதபடி பாவாடையின் நிறத்திலேயே சட்டை தைத்திருப்பேன்.

தீபாவளி விடியலில் வந்த படத்தில், பாவாடையின் ஓரம் கொலுசுக்குச் சற்று மேலே நின்றது.