குளத்துல குளிச்சு செவி அடைச்ச கதை

எங்க ஊரு களியக்காவிளைக்கு பக்கம், ரோட்ட தாண்டி கொஞ்சம் நடந்தா கேரளா. மே மாசம் லீவுக்கு போனப்ப பையன கூட்டிட்டு தினமும் கோயில் குளத்துல தான் குளியல், சென்னையில பக்கெட் தண்ணியில குளிக்கிறவனுக்கு அத விட என்ன வேணும். கோடை மழை ரெண்டு பெஞ்சு தண்ணி கலங்கி லேசா பச்சையா இருந்துச்சு, நாங்க கண்டுக்கல, அஞ்சு நாள் விடாம முங்கி முங்கி குளிச்சோம்.

ஆறாவது நாள் வலது காது அரிக்க ஆரம்பிச்சுது. தண்ணி போயிருக்கும்னு பட்ஸ் எடுத்து குடைஞ்சேன், குடையும்போது சொகமா இருக்கும்ல, அதனால இன்னும் குடைஞ்சேன். இந்த இடத்துல தான் முழு தப்பும் நடந்துச்சுன்னு டாக்டர் சொன்ன பிறகு தான் தெரியும். நாள் முழுக்க தண்ணியில ஊறுன காது ஓட்டையோட தோலு நம்ம விரல் நுனி மாதிரி ஊறி மெத்துன்னு இருக்கும், பட்ஸ் பட்டா கண்ணுக்கு தெரியாத கீறல் விழும், தோல காக்குறதுக்கு இருந்த அழுக்கும் வழிச்சு போயிடும், அந்த கீறல் வழியா தண்ணியில இருக்குற கிருமி உள்ள போய் உக்காந்துக்கும்.

மறுநாள் காது அடைச்சிக்கிச்சு, பாத்திரத்த மூடி போட்டு கேக்குற மாதிரி. மெடிக்கல்ல போய் சொன்னேன், அழுக்கு அடைச்சிருக்குன்னு சொல்லி அழுக்க கரைக்குற சொட்டு குடுத்தாரு. ரெண்டு வேளை விட்டேன், அடைப்பு கூடிச்சே தவிர குறையல. ராத்திரி மாமி பூண்டு போட்டு காய்ச்சுன தேங்கா எண்ணெய கொண்டு வந்து, "ரெண்டு சொட்டு விடு மக்ளே, காலையில பறந்துரும்"னாங்க. மாமி சொன்னா மறுக்க முடியுமா, விட்டாச்சு. பறந்தது என் தூக்கம் தான். ராத்திரி ரெண்டு மணிக்கு வலி தாடை வரைக்கும் இழுக்குது, அந்த பக்கம் படுக்க முடியல, காலையில தோசைய மெல்ல முடியல.

கேரளா பக்கம் பாறசாலையில ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட போனேன். உள்ள லைட்டு அடிச்சு பாக்குறதுக்கு முன்னாடியே, காது ஓட்டைக்கு முன்னால முகத்த ஒட்டி துருத்திட்டு இருக்குற சின்ன சதை இருக்குல்ல, அத லேசா அமுக்குனாரு, நான் நாற்காலிய விட்டு எழுந்துட்டேன். காது மடல மேல இழுத்தாலும் அதே வலி. அப்படி வலிச்சா பெரும்பாலும் வெளிக்காது ஓட்டையில தான் புண்ணுன்னு சொன்னாரு, சளி பிடிச்சு காய்ச்சலோட செவிப்பறைக்கு உள்ள வர்ற காது வலியில வழக்கமா தொட்டா இவ்ளோ வலிக்காதாம். அப்புறம் மலையாளத்துல கேட்ட மொத கேள்வி "செவியில எண்ண ஒழிச்சோ?", காதுல எண்ணெ ஊத்துனியான்னு. மூஞ்சிலயே தெரிஞ்சிருக்கும் போல.

நர்ஸ் விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க. காதுக்கு எதுக்கு சுகர்னு கேட்டேன். சுகர் இருக்குறவங்களுக்கும், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் சில சமயம் இந்த புண்ணு தோலோட நிக்காம மண்டை எலும்பு வரைக்கும் போயிடுமாம், அதுக்கு ஆஸ்பத்திரியில படுத்து வாரக்கணக்குல ஊசி போடணுமாம். ராத்திரி தூங்க விடாத வலி மருந்து போட்டும் அடங்காம இருந்தாலோ, அந்த பக்கம் முகம் கோணுனாலோ ஒரு நாள் கூட தள்ளக்கூடாதுன்னாரு. எனக்கு சுகர் நார்மல். மாமாவுக்கு சுகர் உண்டு, அவரும் அதே குளம், அதே பட்ஸ், அதான் வீட்டுக்கு போனதும் மொதல்ல அவருகிட்ட சொன்னேன்.

இப்ப முக்கியமான விஷயம். என் காது ஓட்டை வீங்கி ஏறக்குறைய மூடிக்கிச்சு. எந்த சொட்டு மருந்து விட்டாலும் வாசல்லயே நின்னு வெளிய வழியும், உள்ள போகவே போகாது, அப்புறம் மருந்து கேக்கலன்னு நாம வேற மருந்து மாத்திட்டு இருப்போம். அதனால மொதல்ல ஒரு சின்ன குழாய் வச்சு உள்ள இருந்த சீழ், எண்ணெ, உரிஞ்ச தோல் எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்தாரு. காதுக்குள்ள மிக்ஸி ஓடுற சத்தம், தலை கிர்ருன்னு சுத்திச்சு, அது நின்னதும் சரியாயிடுச்சு. தண்ணி பீச்சி கழுவ மாட்டீங்களான்னு கேட்டேன், புண்ணுல தண்ணி பீச்சுறதா, செவிப்பறை முழுசா தெரியவே இல்ல, அதுல ஓட்டை இருந்தா என்ன பண்றதுன்னாரு.

அப்புறம் மெல்லிசா ஒரு துணி நாடாவ மருந்துல நனைச்சு இடுக்கியால மெதுவா உள்ள தள்ளுனாரு. திரின்னு வச்சிக்கோங்க, விளக்குத்திரி எண்ணெய இழுக்குற மாதிரி இது மருந்த வீங்குன இடம் முழுக்க கொண்டு போகும். வைக்கும்போது கண்ணுல தண்ணி வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். சிப்ரோஃப்ளாக்ஸசினும் டெக்ஸாமெத்தசோனும் கலந்த சொட்டு எழுதி குடுத்தாரு, ஒண்ணு கிருமிக்கு, இன்னொண்ணு வீக்கத்துக்கு. நாலு சொட்டு, காலையிலயும் ராத்திரியும், ஏழு நாள். வலிக்கு பாராசிட்டமால். ஆன்டிபயாடிக் மாத்திரை கேட்டேன், காய்ச்சல் இல்ல, காதுக்கு வெளிய பரவல, நல்ல உடம்பு, தேவையில்ல, சொட்டு தான் நேரா புண்ணுக்கு போகுதுன்னுட்டாரு.

சொட்டு விடுறதுக்கும் ஒரு முறை இருக்கு. பாட்டில ரெண்டு நிமிஷம் உள்ளங்கையில வச்சு உடம்பு சூட்டுக்கு கொண்டு வரணும், ஜில்லுன்னு விட்டா தலை சுத்தும். ஒருக்களிச்சு படுத்து இன்னொருத்தர விட சொன்னா நல்லது, மடல மேலயும் பின்னாலயும் இழுத்து பிடிச்சு விட்டு, அந்த முன் சதைய மெதுவா நாலஞ்சு தடவ அமுக்கணும், அப்பத்தான் உள்ள அடைஞ்ச காத்து வெளிய வந்து மருந்து இறங்கும். அஞ்சு நிமிஷம் அப்படியே கிடக்கணும். குளிக்கும்போது பஞ்சுல வாசலின் தடவி வாசல்ல மட்டும் வச்சேன், தலைக்கு தண்ணியே ஊத்தல. இயர்போனும் கிடையாது.

ரெண்டாவது நாள் ராத்திரி தான் நிம்மதியா தூங்குனேன். மூணாவது நாள் போனப்ப திரிய எடுத்தாரு, வீக்கம் இறங்கிடுச்சு, செவிப்பறை தெரியுது, அதுல ஓட்டை இல்ல. சொட்டு இனி நேரா போகும், வலி போச்சுன்னு பாதியில நிறுத்தாதன்னாரு. ரெண்டு மூணு நாள்ல வலி குறையவே இல்லன்னா திரும்ப காட்டணும்னும் சொன்னாரு. அடைப்பு முழுசா போக பத்து நாள் ஆச்சு.

பிறகு மறுபடி லேசா அரிப்பு. மருந்து மிச்சம் இருக்கு, அதையே விடலாம்னு கை போச்சு. ஆனா வலி இல்லாம வெறும் அரிப்பு மட்டும் வந்தா பூஞ்சைக் காளானா இருக்கலாம், ஈரப்பதம் கூடுன நம்ம பக்கம் அது சகஜம், ஆன்டிபயாடிக் சொட்டு விட்டா இன்னும் வளரும்னு முன்னாடியே எச்சரிச்சிருந்தாரு. போய் காட்டுனேன், காளான் இல்ல, தோல் ஆறுற அரிப்பு தான், குடையாம இருந்தா போதும்னு அனுப்பிட்டாரு.

லீவு முடியுற வரைக்கும் நான் குளத்துப்படியில உக்காந்திருந்தேன், பையன் குளிச்சான். கரைக்கு வந்ததும் தலைய ஒரு பக்கம் சாய்ச்சு மடல ஆட்டி தண்ணிய வடிய விட்டு, துண்டால வெளிய மட்டும் ஒத்தி விடுவேன். ஒரு நாள் "அப்பா காது அரிக்குது"ன்னான், நெஞ்சு பக்குன்னுச்சு. முன் சதைய அமுக்குனேன், "கூசுதுப்பா"ன்னு சிரிச்சான். ரெண்டு நாள் குளத்துக்கு விடல, அரிப்பு நின்னுடுச்சு. பட்ஸ் டப்பாவ மட்டும் அலமாரிக்கு மேல தூக்கி வச்சாச்சு, மாமி பூண்டு எண்ணெய இப்ப மூட்டு வலிக்கு தேய்க்கிறாங்க.