தில்லானா முடிந்த பிறகும் 12 விநாடி ஒலித்த மிருதங்கம்

என் தங்கை மகளின் அரங்கேற்றத்தை என் மொபைலில்தான் எடுத்தேன். முக்காலி, பக்கத்தில் யாரும் கைவைக்காமல் காவல், விமானப் பயன்முறை என்று எல்லா முன்னெச்சரிக்கையும் செய்திருந்தேன். இடைவேளைக்குப் பிந்தைய பகுதி நிறுத்தாமல் எடுத்த ஒரே கோப்பு, சரியாக 40 நிமிடம். மொபைலில் போட்டுப் பார்த்தபோது எல்லாம் அருமையாக இருந்தது. கணினியில் ஏற்றி, தொகுப்பு மென்பொருளில் போட்டு, தலைப்பு சேர்த்து, இரண்டு இரவு உட்கார்ந்து வெட்டி ஒட்டி, பெருமையோடு தங்கைக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவளிடமிருந்து தொலைபேசி. "அண்ணா, நீங்கள் இதை முழுவதும் பார்த்தீர்களா? தில்லானா முடிந்து குழந்தை கும்பிட்டு நிற்கிறாள், மிருதங்கம் இன்னும் வாசித்துக்கொண்டே இருக்கிறது."

நான் முழுவதும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. முதல் 10 நிமிடம் பார்த்தேன், கால் தட்டும் இடத்தில் சலங்கை கேட்டது, போதும் என்று விட்டுவிட்டேன். நான் செய்த முதல் தவறு அதுதான். ஒத்திசைவைச் சோதிப்பவர்கள் ஆரம்பத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. நடுவில் இரண்டு இடம், கடைசியில் ஒரு இடம் பார்த்தே ஆக வேண்டும்.

பார்த்தேன். 25 நிமிடம் வரை ஒரு குறையும் இல்லை. அதன்பின் கால் முன்னே விழுகிறது, சலங்கை 4 விநாடி கழித்துக் கேட்கிறது. தில்லானாவிலோ இடைவெளி 12 விநாடி.

எனக்கு விஷயம் புரியவில்லை. தெருமுனையில் கல்யாண வீடியோ தொகுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "மொபைல் மைக் அப்படித்தான் சார், சவுண்டு லேட்டாக வரும்" என்றார். அவர் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது: டைம்லைனில் படம் 39 நிமிடம் 48 விநாடி, ஒலி 40 நிமிடம். படத்தை அந்த 12 விநாடிக்கு இழுத்து நீட்டினார். கடைசி வணக்கத்தை ஓட்டிக் காட்டினார், பொருந்தியிருந்தது. 600 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நடுவில் போட்டுப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இதுவரை ஒழுங்காக இருந்த முதல் 25 நிமிடமும் கெட்டுப்போயிருந்தது. இப்போது தாளம் முன்னே, கால் பின்னே. 25-வது நிமிடத்தை நெருங்கும்போது வித்தியாசம் ஏழரை விநாடி. முதலும் முடிவும் பொருந்துகிறது, இடையில் எதுவும் பொருந்தவில்லை.

ஆனால் அந்தக் கெட்டுப்போன கோப்புதான் எனக்கு வழி காட்டியது. 12 விநாடி என்பது 40 நிமிடத்திலும் சீராகப் பரவியிருந்தால், சீராக நீட்டியபோது சரியாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. அப்படியானால் அந்த 12 விநாடி குறிப்பிட்ட சில இடங்களில்தான் தொலைந்திருக்கிறது. பழைய கோப்புக்குத் திரும்பிப் போய், இடைவெளி எங்கே பிறக்கிறது என்று நிமிடம் நிமிடமாகத் தேடினேன். இரண்டே இடங்கள். 25-வது நிமிடத்தில் கீர்த்தனம் முடிந்து மேடை விளக்கை 20 விநாடி அணைத்திருந்தார்கள். 34-வது நிமிடத்தில் பதம் முடியும் தறுவாயில் 40 விநாடி மங்கலான நீல விளக்கு மட்டும் எரிந்தது. இரண்டும் இருட்டு.

மொபைல் கேமரா செய்யும் வேலை இதுதான். விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்க வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் சேகரிக்க அதிகபட்சம் 1/30 விநாடிதான் கிடைக்கும். இருட்டில் அது போதாது. உடனே மொபைல் நம்மைக் கேட்காமல் விநாடிக்கு 24 ஃப்ரேமாகக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. படம் பிரகாசமாக இருக்கும், நாமும் மொபைலை மெச்சிக்கொள்வோம். ஒலியோ விநாடிக்கு 48,000 மாதிரி என்று கடிகாரம் போலப் பதிவாகிக்கொண்டே இருக்கிறது; இருட்டுக்காக அது நிற்பதில்லை.

கோப்புக்குள் ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறது. மொபைலின் பிளேயர் அந்தக் குறிப்பைப் படித்து ஓட்டுகிறது, அதனால்தான் அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. நான் பயன்படுத்திய தொகுப்பு மென்பொருள் அந்தக் குறிப்பைச் சட்டைசெய்யாமல், எல்லா ஃப்ரேமையும் விநாடிக்கு 30 என்று வரிசையாக அடுக்கிவிட்டது. இருட்டில் விநாடிக்கு 6 ஃப்ரேம் குறைவு, இருட்டு மொத்தம் 60 விநாடி, ஆக 360 ஃப்ரேம். 30-ஆல் வகுத்தால் 12 விநாடி. அந்தக் கணக்கைத் தாளில் போட்டு விடை வந்தபோது, அரங்கேற்றம் எனக்குத்தான் நடந்தது போல ஒரு மகிழ்ச்சி.

உறுதிப்படுத்த மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தேன். எழுத்து வடிவில் விவரம் காட்டும் பார்வைக்கு மாற்றினால் இப்படி வரும்:

```
Frame rate mode    : Variable
Frame rate         : 29.850 FPS
Minimum frame rate : 23.981 FPS
Maximum frame rate : 30.303 FPS
```

முதல் வரியில் `Variable` என்று இருந்தால் தொகுக்க உட்காருவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு இரவு மிச்சமாகும். இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அளவு இடைவெளி இருந்தால் அது இந்த நோயல்ல. ஒலியைக் கொஞ்சம் நகர்த்தினாலே தீரும். தனி ரெக்கார்டரில் ஒலி எடுத்து, இடைவெளி சீராக வளர்ந்துகொண்டே போனால், அது இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாததால் வருவது. அங்கே கடைக்காரர் செய்தது போல நீட்டலாம், பலிக்கும். விளக்கு மங்கிய இடங்களில் இடைவெளி கூடினால்தான் ஃப்ரேம் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். இனிதான் இரண்டு நாள் போனது.

முதலில், கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் `-c copy` போட்டு வேறு வகைக் கோப்பாக மாற்றினேன். சில விநாடிகளில் முடிந்தது. அந்த வேகத்திலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெட்டிதான் மாறியது, உள்ளே இருந்த ஃப்ரேம்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரித்து மீண்டும் குறியாக்கம் செய்தால் மட்டுமே இது தீரும், அதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

அடுத்து, பொத்தான்களைச் சொடுக்கியே வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள். வீடியோ பக்கத்தில் வேகம் 30 என்று ஏற்கெனவே இருந்தது, திருப்தியோடு ஓடவிட்டேன். என் பழைய மடிக்கணினி ஒன்றரை மணி நேரம் அலறியது. முடிந்ததும் மீடியாஇன்ஃபோ மறுபடியும் `Variable` என்றது. குற்றம் என்னுடையதுதான். 30-க்குக் கீழே `Peak Framerate` தேர்வாகியிருந்தது. 30-ஐத் தாண்டாதே என்றுதான் அதற்குப் பொருள், குறைந்தால் குறையட்டும் என்று விட்டுவிடும். அதன் பக்கத்தில் இருக்கும் `Constant Framerate` என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். கட்டளை எழுதப் பயப்படுபவர்களுக்கு அந்த ஒரு சொடுக்கே போதும்.

எனக்குப் பொறுமை போய்விட்டதால் கட்டளைக்கே திரும்பினேன்:

```
ffmpeg -i nadanam.mp4 -fps_mode cfr -r 30 \
  -c:v libx264 -crf 18 -c:a copy nadanam_cfr.mp4
```

`cfr` என்பது மாறாத வேகம். குறிப்பில் உள்ள நேரப்படி ஃப்ரேம்களை வைத்து, காலியாக விழும் இடத்தில் முந்தைய ஃப்ரேமை இன்னொரு முறை போட்டு நிரப்பிவிடும். `-crf 18` படத்தின் தரம் கெடாமல் இருக்க. கோப்பு பெரிதாகலாம், கவலை வேண்டாம். ஒலியைத் தொடவே இல்லை. உங்களிடம் 5.1-க்கு முந்தைய பதிப்பு இருந்தால் `-fps_mode` புரியாது என்று திட்டும். அந்த இடத்தில் `-vsync` என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. `-r 30` என்பது `-i`-க்குப் பின்னால்தான் வர வேண்டும். தவறி முன்னால் எழுதினால் கோப்பின் நேரக் குறிப்புகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, 30 என்று கண்ணை மூடிக்கொண்டு அடுக்கும். என் தொகுப்பு மென்பொருள் செய்த அதே தவறை நீங்களே உங்கள் கையால் செய்ததாகிவிடும்.

ஓடும்போது திரையின் கடைசி வரியில் `dup=` என்று ஒரு எண் தெரியும். நகலெடுத்துப் போட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கை அது. 25-வது நிமிடம் வரை ஏறக்குறைய அசையவே இல்லை. பிறகு மளமளவென்று ஏறி 120-ஐ ஒட்டி நின்றது. 34-வது நிமிடத்தில் மறுபடியும் ஏறி 360-ஐ ஒட்டி முடிந்தது. தாளில் போட்ட எண் திரையில் வந்து நின்றதைப் பார்க்க மனைவியையும் அழைத்தேன். "இதற்குத்தான் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

புதிய கோப்பில் படமும் ஒலியும் ஒரே நீளம். ஆனால் நீல விளக்குப் பகுதியில் கைகள் மெல்ல நகரும்போது லேசான தடுக்கல் தெரிகிறது. நான்கு ஃப்ரேமுக்கு ஒன்று நகலாக இருந்தால் அப்படித்தான் இருக்கும், அதற்கு மருந்து இல்லை. 30-க்குப் பதிலாக 25 கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். வெளிச்சமான பகுதிகளில் எல்லாம் விநாடிக்கு 5 ஃப்ரேம் தூக்கி எறியப்பட்டு, வேகமான அடவுகள் வெட்டி வெட்டித் தெரியும். கோப்பின் பெரும்பகுதி எந்த வேகத்தில் இருக்கிறதோ அதையே கொடுங்கள்.

கொடுமை என்னவென்றால், ஏற்கெனவே செய்த தொகுப்பில் பழைய கோப்பை எடுத்துவிட்டு இதை வைத்தால் 25-வது நிமிடத்துக்குப் பிந்தைய வெட்டுகள் எல்லாம் இடம் மாறி நின்றன. மாற்றிய பிறகு தொகுக்க வேண்டும், தொகுத்த பிறகு மாற்றினால் வேலை இரட்டிப்பு. இன்னொரு இரவு போனது. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்த காரியம். செய்திச் செயலி வழியாகச் சுருங்கி வந்த நகல் இதற்கு உதவாது.

அடுத்த முறைக்கு: ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்புகளில் `Record Video` என்பதற்குள் `Auto FPS` என்பதை அணைத்துவிடுங்கள், இருட்டில் தானாக வேகம் குறைவது நிற்கும். படம் கொஞ்சம் இருட்டாக வரும், பரவாயில்லை. அப்போதும் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும் என்பதால் மீடியாஇன்ஃபோவில் ஒரு பார்வை பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

திருத்திய கோப்பைத் தங்கைக்கு அனுப்பினேன். இந்த முறை மங்களம் வரை நான் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அனுப்பினேன். தில்லானாவின் கடைசித் தட்டும் நட்டுவாங்கத் தாளமும் ஒரே நொடியில் விழுந்தன. மாலையில் பதில் வந்தது: "நன்றாக இருக்கிறது அண்ணா. இடைவேளைக்கு முந்தைய பகுதி எங்கே?"

அதை மீடியாஇன்ஃபோவில் இப்போதுதான் திறந்திருக்கிறேன். `Variable`.