கடைசி வரியில் ஒரே ஒரு கேள்வி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே பித் காயும் களங்களைப் பார்க்கலாம். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைத்தான் இங்கே பித் என்கிறோம். அதைக் கழுவிக் காயவைத்து, 5 கிலோ கட்டிகளாக அழுத்தி, தூத்துக்குடியிலோ கொச்சியிலோ கப்பல் ஏற்றுகிறார்கள். மண்ணில்லாமல் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்க்கும் நாடுகளுக்கு அது போகிறது. அப்படி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், புதிய வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை.

முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமானது கடைசி வரி. படித்து முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வரிதான் சொல்கிறது. எங்கள் துறையில் வழக்கமாக எழுதும் கடிதங்களின் முடிவு எப்படி இருக்கும் என்பது ஏற்றுமதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். இணைப்பில் உள்ள பட்டியலைப் பாருங்கள், எங்கள் இணையதளத்துக்கு வாருங்கள், உங்கள் தேவையைத் தெரிவியுங்கள், மாதிரி வேண்டுமானால் முகவரி அனுப்புங்கள், வசதியான நேரத்தில் பேசலாம். ஐந்தும் நல்ல எண்ணத்தில் எழுதியவைதான். ஆனால் பெறுபவர் முதலில் இந்த ஐந்தில் எதைச் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பார். ஒதுக்கிவைத்த கடிதத்தை யாரும் மீண்டும் திறப்பதில்லை.

ஆகவே ஒன்றைத்தான் கேட்க வேண்டும். அது ஒரு வரிப் பதிலா, சிறிய தொலைபேசி உரையாடலா என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, நெதர்லாந்தில் இருக்கும் ஓர் இறக்குமதியாளருக்கு முதல் கடிதம் எழுதிக்கொண்டு வந்து காட்டினார். 15 நிமிடம் பேச முடியுமா என்று முடித்திருந்தார்.

"அக்கா, பேசினால் நம் பொருளைப் பற்றி முழுவதுமாகச் சொல்லிவிடலாமே? மெயிலில் எவ்வளவு எழுத முடியும்?" என்று கேட்டார்.

"நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது தம்பி. நம்மிடம் பேச அவருக்கு என்ன இருக்கிறது?" என்றேன்.

ஒரு கடிதத்தை மட்டும் பார்த்த நிலையில் பேசச் சம்மதிப்பது பெரிய காரியம். அவர் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். நம் ஊர் நேரத்தையும் தம் ஊர் நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். அறியாத ஒருவரின் ஆங்கிலம் புரியுமா என்று யோசிக்க வேண்டும். பொருள் பிடிக்காவிட்டால் நேருக்கு நேர் மறுக்கவும் வேண்டியிருக்கும். 15 நிமிடம் என்று நாம் எழுதினாலும், இதையெல்லாம் சேர்த்துத்தான் அவர் எடைபோடுகிறார். பதில் எழுதச் சொன்னால் இந்தச் சுமை எதுவும் இல்லை, கேள்வி சரியாக இருந்தால்.

அந்தக் கேள்வியை அமைக்கப் பொருளைத் தெரிந்திருக்க வேண்டும். பித்தில் இயற்கையாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் இருக்கின்றன. உப்பின் அளவை ஈ.சி. என்ற மின்கடத்துத்திறன் எண்ணால் குறிப்போம். நல்ல தண்ணீரில் கழுவினால் அந்த எண் இறங்கும், 0.5க்குக் கீழே வந்தால் லோ ஈ.சி. என்று விற்பார்கள். ஆனால் பித்தின் துகள்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு முழுதாக விடாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் போய் அவற்றின் இடத்தைப் பிடிக்கும், பிறகு கழுவிவிடலாம். இதற்கு பஃபரிங் என்று பெயர். கூடுதல் வேலை, கூடுதல் விலை. எனவே கழுவிய பித்தா, பஃபரிங் செய்த பித்தா என்பது எங்கள் வியாபாரத்தின் முதல் கிளை. அது தெரியாமல் விலை சொன்னாலும் அந்த விலைக்கு அர்த்தம் இல்லை.

தம்பியின் கடிதத்தின் முடிவை அப்படித்தான் மாற்றினோம். "உங்கள் ஸ்ட்ராபெரி விவசாயிகளுக்குக் கழுவிய பித் வாங்குகிறீர்களா, பஃபரிங் செய்ததா? ஒரு சொல்லில் பதில் எழுதினால் போதும்." அவ்வளவுதான். பட்டியலை இணைக்கவில்லை. இணையதள முகவரி கையெழுத்துக்குக் கீழே மட்டும் இருந்தது. கேள்வியைத் தனிப் பத்தியாக விட்டோம். பத்திக்கு நடுவே புதைந்த கேள்வி கைப்பேசித் திரையில் கண்ணில் படாது.

இந்தக் கேள்வியின் பலம், அதற்கான விடை அவர் நினைவிலேயே இருப்பதுதான். எந்தக் கோப்பையும் திறக்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆண்டுக்கு எத்தனை கண்டெய்னர் எடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அது அவருடைய வியாபார ரகசியம். முதல் கடிதத்துக்கு எவரும் சொல்ல மாட்டார். இப்போது என்ன விலைக்கு வாங்குகிறீர்கள் என்பதும் அப்படியே. ஆர்வம் இருக்கிறதா என்று கேட்பது இன்னொரு வகைத் தவறு. பதில் எளிதுதான், ஆனால் ஆம் என்று வந்தாலும் நமக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. இல்லை என்று வந்தால் கதவு மூடிவிடும். அனுப்புமுன் நானே அவர் இடத்தில் அமர்ந்து விடை சொல்லிப் பார்ப்பேன். ஒரு வரிக்குள் முடியவில்லை என்றால் அந்தக் கேள்வி முதல் கடிதத்துக்கு ஆகாது.

பதில் வந்தது. பஃபரிங் செய்ததுதான், ஆனால் சிலர் அனுப்பும் சரக்கில் ஈ.சி. சான்றிதழில் ஓர் எண்ணும் தங்கள் சோதனையில் வேறோர் எண்ணும் வருகின்றன என்று எழுதியிருந்தார். ஒரு சொல் கேட்டோம், அவருடைய மனக்குறையே வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் தொலைபேசி அழைப்புக்கு நேரம் வருகிறது. எண்கள் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சோதனை முறை. ஒரு பங்கு பித்துக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் சேர்த்து அளப்பது டச்சுக்காரர்களின் பழைய வழக்கம். ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து அளக்கும் முறையும் உண்டு. தண்ணீர் கூடினால் உப்பு நீர்த்துப்போய் எண் குறையும். ஆக, ஒரே பித் ஒரு முறையில் தேறும், இன்னொரு முறையில் தோற்கும். உங்கள் முறை எது, சோடியத்துக்குத் தனி வரம்பு உண்டா, மாதிரியை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு விடையிலிருந்து அடுத்த கேள்வி கிளைக்கும். இதை மெயிலில் நடத்தினால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போகும். மூன்றாவது கடிதத்தில் அவர் சலித்துவிடுவார்.

ஆகவே இரண்டாவது கடிதம் அழைப்பை மட்டுமே கேட்டது. செவ்வாய் அல்லது வியாழன், உங்கள் நேரம் காலை 10 மணி, 15 நிமிடம், எங்கள் ஆய்வகத்தைப் பார்ப்பவரும் உடன் இருப்பார், பேசப்போவது சோதனை முறை மட்டும். கோடைக்காலத்தில் அவர்களுடைய 10 மணி நமக்குப் பிற்பகல் 1.30, அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு அது 2.30 ஆகிவிடும். இந்தக் கணக்கை நாம் போட்டு, அவருடைய நேரத்திலேயே எழுத வேண்டும். நாட்காட்டி இணைப்பை அனுப்பி, அதில் நேரம் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வதை நான் விரும்புவதில்லை. அவர் சம்மதிக்கும் முன்பே நம் வேலையை அவர் தலையில் வைப்பதாகும். பேசச் சம்மதித்தபின் அனுப்பினால் பரவாயில்லை.

"பேச வசதியில்லை என்றால் மெயிலில் எழுதலாம் என்று சேர்க்கலாமா அக்கா? மரியாதையாக இருக்குமே" என்றார் தம்பி. சேர்க்க வேண்டாம் என்றேன். அந்த ஒரு வரி இருந்தால் பெரும்பாலோர் மெயிலில் எழுதலாம் என்று நினைத்து, எழுதாமலே விட்டுவிடுவார்கள். அழைப்புக்குப் பதிலே வராவிட்டால், சில நாள் கழித்து அடுத்த கடிதத்தில் ஒரு வரிக் கேள்விக்குத் திரும்பலாம். இரண்டையும் ஒரே கடிதத்தில் வைக்கக் கூடாது.

செவ்வாயன்று பேசினார். அவர்கள் ஒன்றரைப் பங்கு முறையில் அளக்கிறார்கள் என்று அதில் உறுதியானது. அதே முறையில் அளந்த சோதனைத் தாளுடன் மாதிரிக் கட்டி போயிற்று.

ஒரு வரிக் கேள்விக்கும் சறுக்கல் உண்டு. "விலைப்பட்டியல் அனுப்புங்கள்" என்று மட்டும் வரும் பதில் எங்களுக்கு அடிக்கடி வருகிறது. கேள்வி அவரைத் தொடவில்லை, அல்லது கொள்முதலைப் பார்க்காதவருக்கு எழுதிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வேன். எனவே வந்த பதில்களை எண்ணும்போது, கேள்விக்கு விடை சொன்ன பதில்களைத் தனியாக எண்ண வேண்டும். எந்தப் பதிலுமே வராவிட்டால் கடைசி வரியைக் குறை சொல்வதற்கு முன், முகவரிகள் சரியா, அவர்கள் உண்மையிலேயே பித் வாங்குபவர்களா என்று பார்க்க வேண்டும். பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு எந்த வரி சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது.

கேரளத்துக்குள் விற்கும்போது இந்த வரிசையே தலைகீழாகிவிடும். திருச்சூருக்கு அருகே மண்ணுத்தியில் நர்சரிகள் நிறைய. அங்கே செடி வளர்ப்பவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரிப் பதில் கேட்டால் வருவதில்லை. பகல் முழுக்கக் கையில் மண். தட்டச்சு செய்வதே அவருக்குப் பாடு. எங்களில் பலருக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், எழுத வராது. அவருக்கும் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் பிறந்து வளர்ந்த எங்கள் லோடு பார்க்கும் அண்ணன் பேசினால் இரண்டு மொழியும் கலந்து ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எனவே அவர்களுக்குக் குரல் செய்தி அனுப்புகிறோம்: "சேட்டா, இன்று மாலை 7 மணிக்கு மேல் கூப்பிடலாமா?" விலை, ஈரப்பதம், லாரி நுழையும் வழி எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். பேசி முடித்தபின்தான் ஒரு வரிக் கேள்வி போகும். எத்தனை கட்டி, என்ன விலை, எந்த நாள் என்று நாங்கள் எழுதி, சரி என்று மட்டும் பதில் போடச் சொல்வோம். அந்தப் பதில் வந்த பிறகே அண்ணன் லாரிக்குச் சொல்வார்.