விற்றுப்போன டிவிஎஸ் 50க்கு ஒரு பாட்டும் கொஞ்சம் பின்னணி இசையும்

எங்கள் தெருப் பையன் ஒருவன் எடுத்த குறும்படத்துக்கு இசை போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்து ராத்திரியில் செய்வதுதான். ஒரு கீபோர்டு, ஒரு ஹெட்போன், ரீப்பர் மென்பொருள், அவ்வளவே. கதையும் சின்னது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன், தம்பி, அம்மா, ஒரு பழைய டிவிஎஸ் 50. பணமுடையில் அண்ணன் தம்பியிடம் சொல்லாமல் வண்டியை விற்றுவிடுகிறான். தம்பி வீட்டுக்கு வருகிறான், வண்டி நிற்கும் இடம் காலியாக இருக்கிறது.

முதலில் பாட்டு. அண்ணன் வண்டி வாங்குவது, தம்பி ஓட்டிப் பழகுவது, மழையில் தள்ளிக்கொண்டு வருவது, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று மூன்று வருட வாழ்க்கையை இரண்டு நிமிடத்துக்குள் காட்டவேண்டும். 1 நிமிடம் 50 விநாடியில் மெட்டு போட்டேன்: பல்லவி 30 விநாடி, இடையிசை 20, சரணம் 35, திரும்பப் பல்லவி 25. மெட்டு கைக்கு வந்த பிறகுதான் பையன் காட்சிகளை அதன்மேல் வெட்டினான். பாட்டில் இசை முன்னால் போகும், படம் பின்னால் வரும். பின்னணி இசையில் இது அப்படியே தலைகீழ். வெட்டி முடித்த படம் வந்த பிறகுதான் நமக்கு வேலையே.

அதே காட்சிகளுக்குப் பாட்டை எடுத்துவிட்டு, வெறும் ஸ்டிரிங்ஸும் புல்லாங்குழலும் போட்டும் பார்த்தேன். கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் பார்த்தவர்கள், “இதெல்லாம் யாரோ நினைச்சுப் பாக்குறாங்களா?” என்று கேட்டார்கள். வீட்டில் தினமும் நடக்கிற விஷயம் பழைய நினைவுபோல் ஆகிவிட்டது. பாட்டோடு பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தவரை, இது பல்லவி செய்யும் வேலை. அதே வரி திரும்பி வரும்போது “இது அடிக்கடி நடக்கிறது” என்று மனசு எடுத்துக்கொள்கிறது. இடையிசையில் சில மாதங்களைத் தாண்டலாம், சரணத்தில் தம்பிக்கு மீசை முளைத்திருக்கலாம், யாரும் கணக்குக் கேட்பதில்லை. நம்மூர் ஆட்கள் இந்த இலக்கணத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். பின்னணி இசைக்கு அந்த உரிமை அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை. அது பெரும்பாலும் காட்சியின் கடிகாரத்திலேயே ஓடவேண்டியிருக்கிறது.

இடையில் பாடமாக ‘மௌன ராகம்’ (1986) படத்தை ஹெட்போனில் மறுபடி பார்த்தேன். இளையராஜா இசை. அதில் கார்த்திக் வரும் பகுதிக்குப் பாட்டே கிடையாது, முழுக்கப் பின்னணி இசைதான். மோகன், ரேவதி பக்கம்தான் பாட்டுகள். மோகன் மனைவியிடம் நேரில் கேட்க முடியாததை ‘நிலாவே வா’வில் கேட்கிறார். வாய்விட்டுப் பேச முடியாதவனுக்குப் பாட்டு தேவைப்படுகிறது. கார்த்திக்கோ வாய் ஓயாமல் பேசுகிற ஆள், நினைத்ததை நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறவர். அவருக்குப் பாட்டு கொடுத்திருந்தால் அந்த வேகம் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம். இத்தனை வருடம் கழித்தும் பலர் அந்தப் பின்னணி மெட்டைப் பாட்டுபோல முணுமுணுக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

இனி என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்த காட்சி. தம்பி வாசல் கேட்டைத் திறக்கிறான், பையைத் தோளிலிருந்து இறக்குகிறான், திரும்புகிறான், காலி இடத்தைப் பார்க்கிறான். கேட் திறந்ததிலிருந்து பார்வை விழும்வரை சரியாக 10 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 240 ஃபிரேம். பாட்டின் பல்லவியையே ஒற்றைச் செல்லோவில் இங்கே கொண்டுவர நினைத்தேன். பாட்டு மூன்றெண்ணிக்கைத் தாளம், வேகம் நிமிடத்துக்கு 84 அடி. அந்த வேகத்தில் 10 விநாடிக்கு 14 அடி ஓடும். நான்கு சுற்று முடிந்து, ஐந்தாவது சுற்றின் மூன்றாவது அடியில் பார்வை விழும். அது தாளத்தில் கனமே இல்லாத இடம், மெட்டு தன் பாட்டுக்குக் கடந்து போய்விடுகிறது. வேகத்தை 72க்கு இறக்கினால் ஒரு அடிக்கு 20 ஃபிரேம், 10 விநாடிக்கு 12 அடி. நான்கு சுற்று முழுசாக முடிந்து, ஐந்தாவதின் முதல் அடியில் பார்வை உட்காருகிறது. மெட்டும் தானாகச் சோர்ந்துவிட்டது.

கணக்கு சரி. போட்டுக் கேட்டால் சிரிப்பு வந்தது. பார்வையும் செல்லோவின் அழுத்தமும் ஒரே ஃபிரேமில் விழுந்ததில் கார்ட்டூன் எலி மாடிப்படி இறங்குவதுபோல் ஆகிவிட்டது. இதற்குத் தொழிலில் பெயரே ‘மிக்கி மவுசிங்’. அழுத்தத்தை 12 ஃபிரேம் பின்னால் தள்ளினேன். அந்த அரை விநாடியில் தம்பி முதலில் பார்க்கிறான், பிறகு புரிந்துகொள்கிறான். இசை புரிதலோடு சேர்கிறது.

இசை எங்கே தொடங்கவேண்டும் என்பதும் இதே மாதிரிதான். கேட்டைத் திறக்கும்போதே செல்லோ வந்தால் தம்பிக்கு முன்னால் பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது, “ஏதோ நடக்கப்போகுது” என்று. ஆனால் அண்ணன் விற்றதை முந்தைய காட்சியிலேயே காட்டிவிட்டோம். அதனால் இங்கே அது கெடுதலில்லை, அவனுக்காக நாம் பதறுகிறோம். விற்ற காட்சியை வெட்டிவிடலாமா என்று பையன் இப்போது யோசிக்கிறான். அப்படி வெட்டினால் செல்லோவின் தொடக்கத்தையும் பார்வைக்குப் பின்னால் நகர்த்தியாகவேண்டும், இல்லாவிட்டால் ரகசியத்தை இசையே உடைத்துவிடும்.

பாட்டைக் கேட்காதவர்களுக்கு இந்தச் செல்லோ வெறும் சோகம். ஒருவருக்கு இந்தக் காட்சியை மட்டும் தனியாகக் காட்டினேன். “நல்லா இருக்கு” என்றார், அவ்வளவுதான். முழுப்படம் பார்த்தவரோ செல்லோ தொடங்கியதும் வாய்க்குள் வரியைச் சொன்னார். பாட்டு ஒரு தடவை வார்த்தையோடு பதிந்தால்தான், பின்னணி இசையால் அதை வார்த்தையில்லாமல் திருப்பிச் சொல்ல முடிகிறது.

அடுத்து வரும் சாப்பாட்டுக் காட்சியில் பாட்டின் குரலையே சன்னமான ஒலியில் ஓடவிட்டுப் பார்த்தேன். எவ்வளவு குறைத்தாலும் காது வார்த்தையைத் தேடிப் போகிறது. அம்மா, “எவ்வளவுக்குடா குடுத்த?” என்று கேட்பது காதில் விழவே இல்லை. குரலை எடுத்துவிட்டு வயலினில் வாசித்தாலும் அம்மாவின் சுருதிக்குப் பக்கத்திலேயே அலைந்து இடிக்கிறது. கடைசியில் கீழே செல்லோவின் ஒரே நீண்ட ஸ்வரம், மேலே வசனத்தின் இடைவெளிகளில் மட்டும் இரண்டு பியானோ ஸ்வரம் என்று நிறுத்தினேன். ஒலியளவைக் குறைப்பதைவிட வசனத்தின் சுருதிப் பகுதியைக் காலியாக விடுவது நன்றாக வேலை செய்கிறது. செல்போன் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அம்மா கேட்பது அதில் தெளிவாக இருந்தால் போதும்.

இப்போது முடிவுக் காட்சியில்தான் எங்களுக்குள் இழுபறி. அண்ணனும் தம்பியும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிறார்கள்.

“அண்ணே, இங்க பல்லவிய வாய்ஸோட வெச்சிருவோம், சும்மா அள்ளும்” என்கிறான் பையன்.

“அந்த வரி வண்டி இருந்தப்போ எழுதுனதுடா. இப்ப அதையே பாடுனா மறுபடி பழசுக்குப் போயிரும். வேணும்னா மெட்டு அதே இருக்கட்டும், வரிய மாத்தச் சொல்லு.”

வரி எழுதிய அவனுடைய நண்பனுக்குப் பரீட்சை நேரம். அதுவரை செல்லோவில் ஒன்று, பழைய வரியோடு ஒன்று என்று இரண்டும் டைம்லைனில் வைத்திருக்கிறேன். 72 அடி வேகத்தில் பாடகி மூச்சுப் பிடிப்பாரா என்பதையும் பார்க்கவேண்டும். பல்லவியின் இரண்டாம் வரி நீளம்.