பிளேன் ஓட்டப் போய் சோபா ஓட்டுன கதை

பி.எஸ்.4-க்கு ஃபிளைட் ஸ்டிக் வாங்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை. போன மாசம் ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஹோட்டாஸ் 4 கிடைச்சுது, ஸ்டிக்கும் த்ராட்டிலும் சேர்ந்தது. வீட்டம்மா பாத்துட்டு "இது என்ன, கிரைண்டருக்கு ஸ்பேர் பார்ட்டா?"ன்னு ஒரே கேள்வி.

யூ.எஸ்.பி-ய சொருகிட்டு ஜம்முனு உக்காந்து ஜி.டி.ஏ 5-ஐ போட்டேன், அதுல ஃபைட்டர் ஜெட் இருக்குல்ல, அதான் முதல் குறி. ஸ்டிக்க இழுக்கறேன், தள்றேன், முறுக்கறேன், ஜெட் ரன்வேல கல்லு மாதிரி நிக்குது. பின்னாடி பாத்தா PC, PS4-ன்னு ஒரு குட்டி ஸ்லைடர் சுவிட்ச், அது PC பக்கம் கிடக்கு. அடச்சேன்னு மாத்திட்டு, கேபிள புடுங்கி திரும்ப சொருகி, ஸ்டிக்ல இருக்கற பி.எஸ் பட்டன அமுக்குனேன். இப்ப கன்சோலுக்கு ஆளத் தெரியுது, ஆனா ஜெட் மட்டும் அசைய மாட்டேங்குது.

மச்சானுக்கு போன் போட்டேன். "மாமா, கன்சோலுக்கு தெரிஞ்சா மட்டும் பத்தாது, அந்த கேம் எழுதுனவங்களே ஸ்டிக்குக்கு சப்போர்ட் குடுத்திருக்கணும், ஜி.டி.ஏ-ல அந்த சப்போர்ட் கிடையாது"ன்னான். பி.சி-ல பட்டன எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு மாத்தி ஓட்டிடலாம், அத நம்பி கன்சோல்ல இறங்கக்கூடாதாம். பி.சி வெர்ஷன்ல ஜாய்ஸ்டிக் ஓடுதுன்னு எவனாவது வீடியோ போட்டிருந்தா அது நமக்கு கணக்கே இல்ல. ஸ்டிக் கம்பெனியோட சைட்ல உன் மாடலுக்கு எந்தெந்த கேம்னு பாரு, அப்புறம் கேம் வச்சிருக்கவன்கிட்ட கன்ட்ரோல் செட்டிங்ஸ்ல ஃபிளைட் ஸ்டிக்னு தனியா ஒண்ணு இருக்கான்னு கேளு, அப்புறமா காசு குடுன்னான். இத வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம், ஆனா நான் கேக்கல, அதும் உண்மைதான்.

ஏஸ் காம்பாட் 7 லிஸ்ட்ல இருந்துச்சு, எலைட் டேஞ்சரஸும் இருந்துச்சு. முதல்லது டிஸ்க் கிடைச்சுது. போட்டதும் ஓடுச்சு, ஆனா ஜெட் கார் மாதிரி திரும்புது. ஸ்டாண்டர்டு மோட்ல ஸ்டிக்க சாய்ச்சா அதுவே திரும்பிக்குமாம், எக்ஸ்பர்ட்ல மாத்துனாதான் நிஜமா பக்கவாட்டுல உருளும். மாத்துனேன். அப்புறம் த்ராட்டில். நடுவுல ஒரு காடி இருக்கு, கை அங்க வந்ததும் டக்குனு தட்டுப்படும், அதுதான் சாதா வேகம், முன்னாடி தள்ளுனா சீறும், பின்னாடி இழுத்தா பிரேக். நான் வேகத்த முழுசா கொறைச்சா லேண்டிங் ஈஸியா இருக்கும்னு நெனச்சு கடைசி வரைக்கும் பின்னாடியே இழுத்து வச்சிருந்தேன், நடு வானத்துல ஸ்டால் ஆகி மூக்கு குத்த கீழ போகுது, பதட்டத்துல ஸ்டிக்க ஒரே இழுப்பு, ஸ்டிக்க வச்சிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலோட சேர்த்து நானும் சோபாவுல இருந்து கீழ.

சத்தம் கேட்டு வீட்டம்மா எட்டிப் பாத்தா. "கிரைண்டர் கல்லு கழண்டுடுச்சா?"

இப்ப ஸ்டூலுக்கு அடியில டபுள் சைடு டேப் ஒட்டியிருக்கேன். ஜி.டி.ஏ-வுக்கு பழைய பேடுதான்.